ஒன்றுமே இல்லாத மெசேஜுக்கு என்ன பதில் எழுதுவது?

கேள்வி: அண்ணா, நான் மார்த்தாண்டம் பக்கம் வீட்டிலேயே முந்திரிக்கொத்தும் நேந்திரங்காய் சிப்ஸும் போட்டு, வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து விற்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், வழக்கமாக வாங்கும் தக்கலை அக்கா நம்பரிலிருந்து ஒரு மெசேஜ். திறந்தால் வெறும் கட்டம், கீழே 6.40 என்று நேரம் மட்டும். "வழக்கம்போல ரெண்டு கிலோதானே அக்கா?" என்று கேட்டேன். "ம்" என்று வந்தது. போட்டு அனுப்பிவிட்டேன். கடைசியில் பார்த்தால் மகள் வீட்டு விசேஷத்துக்கு ஐந்து கிலோ, அதுவும் அடுத்த சனிக்கிழமைக்கு வேண்டுமென்று சொல்ல வந்தாராம். பெரிய மனக்கசப்பாகிவிட்டது. போன வாரம் அவரிடமிருந்தே மறுபடி அதேபோல ஒன்று வந்திருக்கிறது, இன்னும் பதில் போடவில்லை. வீட்டுக்காரர் "ஒரு கேள்விக்குறி போட்டு விடு" என்கிறார். இது ஏன் வருகிறது? நாமாக எதையும் நினைத்துக்கொள்ளாமல் எப்படிப் பதில் எழுதுவது?
— ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நாகர்கோவிலில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "மெசேஜ் காலியா வருது அண்ணே" என்று போனை நீட்டுகிறவர்கள் அவ்வப்போது வருவார்கள். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். முதலில் அந்த "ம்" எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம். உங்கள் நஷ்டம் அங்கேதான் ஆரம்பித்திருக்கிறது.

தான் அனுப்பியது காலியாகப் போயிருக்கிறது என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருக்காது. காலை 6.40-க்குக் கண்ணாடி போடாமல் போனை எடுத்து, அனுப்பிவிட்டு, அடுப்படிக்குப் போயிருப்பார். அவரைப் பொறுத்தவரை ஐந்து கிலோ, சனிக்கிழமை என்று சொல்லியாகிவிட்டது. அப்புறம் உங்கள் பதில் போகிறது. அதில் அவர் கண்ணில் படுவது "தானே அக்கா?" என்ற முடிவு மட்டும். ஆர்டர் கிடைத்துவிட்டது, சரிபார்க்கிறாள் என்று நினைத்து "ம்" போட்டிருக்கிறார். நீங்கள் ரெண்டு கிலோவுக்குச் சம்மதம் கேட்டீர்கள், அவர் ஐந்து கிலோவுக்குச் சம்மதம் சொன்னார். யாரும் பொய் சொல்லவில்லை.

அந்தக் கட்டம் எப்படிக் காலியாக வந்தது? கீபோர்டில் இடைவெளி விடும் பட்டையை மட்டும் தட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள், போகாது. எழுத்து ஒன்றும் இல்லாமல் வெறும் இடைவெளி இருந்தால் ஆப் அதை மெசேஜாகவே எடுத்துக்கொள்வதில்லை. அதனால் "பேரப்பிள்ளை போனை வைத்து விளையாடி இடைவெளியைத் தட்டியிருக்கும்" என்ற ஊகம் பெரும்பாலும் தப்பு. குழந்தை தட்டினால் ககககக என்றோ பத்து ஸ்டிக்கராகவோ வரும். கட்டம் காலியாக வந்து சேர்ந்திருக்கிறது என்றால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் எழுத்து இருக்கிறது.

அப்படிப்பட்ட எழுத்துகள் நிஜமாகவே உண்டு. உலக மொழிகளுக்கெல்லாம் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு பட்டியலில் U+3164 என்று ஒன்று இருக்கிறது. கொரிய எழுத்தில் ஒரு பகுதி இல்லாத இடத்தை நிரப்புவதற்காக வைத்தது. திரையில் ஒன்றும் தெரியாது. ஆனால் பட்டியலில் அதன் வகை "எழுத்து", இடைவெளி இல்லை. U+2800 இன்னொன்று. பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெய்லில் ஒரு புள்ளிகூட மேலெழும்பாத கட்டம் அது. இதுவும் கணக்கில் ஒரு குறி. இடைவெளியை மட்டும் வடிகட்டும் சல்லடையில் இவை மாட்டுவதில்லை.

தக்கலையில் இருக்கும் அக்காவுக்கும் கொரிய எழுத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எனக்கும் அது ஒருநாள் கடையில் வைத்துத்தான் புரிந்தது.

குழித்துறைப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். மஸ்கட்டில் இருக்கும் மகனுக்கு அவர் அனுப்பும் மெசேஜ் சில நாள் காலியாகவே போகிறதாம். மகன் பயந்துபோய் ராத்திரியில் போன் செய்து "அம்மா, உடம்புக்கு என்ன?" என்று கேட்கிறானாம். போனில் வைரஸ் இருக்கும், அழித்துத் தாருங்கள் என்றார். நான் எதையும் அழிக்கவில்லை. "எப்பவும்போல ஒரு மெசேஜ் அனுப்புங்கம்மா, நான் பார்க்கேன்" என்று போனை அவர் கையிலேயே கொடுத்தேன்.

அவர் வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்வதே இல்லை. குறிப்பு எழுதும் ஆப்பில் சாவகாசமாக எழுதுகிறார். எழுதியதை அழுத்திப் பிடித்து, நீல நிறமானதும் Copy தொட்டு, வாட்ஸ்அப்புக்கு வந்து, காப்பி செய்தவை கட்டம் கட்டமாக நிற்கும் கீபோர்டின் கிளிப்போர்டைத் திறந்து, கட்டத்தைத் தொட்டு ஒட்டுகிறார். மூன்றாவது தடவை செய்யும்போது விரல் Copy-யில் படாமல் ஓரத்தில் பட்டது. நீலம் மறைந்தது. அவர் காப்பி ஆகிவிட்டது என்று நினைத்து, இந்தப் பக்கம் வந்து, கிளிப்போர்டில் விரலுக்குப் பட்ட கட்டத்தைத் தொட்டு, அனுப்பினார். காலி. அவர் போனிலும் அதே காலிக் கட்டம்தான், ஆனால் அனுப்பிய கையோடு போனை மடியில் வைத்துவிட்டார்.

காப்பி ஆகாவிட்டால் ஒட்டும்போது என்ன விழும்? கிளிப்போர்டில் ஏற்கெனவே இருப்பதில் விரல் எந்தக் கட்டத்தில் படுகிறதோ அது விழும். அந்தக் கிளிப்போர்டைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு வெள்ளைக் கட்டம், பின் குத்தி நிரந்தரமாக வைக்கப்பட்டிருந்தது. "இந்தப் போனை வேற யாரு எடுப்பா?" என்று கேட்டேன். லீவுக்கு வந்த தங்கை மகன். துப்பாக்கி விளையாட்டில் பேரே தெரியாத ஆளாக நிற்கவேண்டும் என்பதற்காக, பெயர் எழுதும் இடத்தில் இந்தக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை ஒட்டுவது பையன்கள் மத்தியில் பெரிய ஸ்டைல். தேவைப்படும்போதெல்லாம் எடுக்கப் பெரியம்மா போனிலேயே குத்தி வைத்துவிட்டான். பல ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் கூகுள் கீபோர்டில், காப்பி செய்தது ஒரு மணி நேரம்தான் கிளிப்போர்டில் நிற்கும், பின் குத்தினால் போகாது. லீவு முடிந்து பையன் ஊருக்குப் போனபிறகும் காலி மெசேஜ் போய்க்கொண்டிருந்தது அதனால்தான். விரல் தவறி அந்தக் கட்டத்தில் பட்டாலே போதும். பின்னை எடுத்து அழித்துக் கொடுத்தேன். வைரஸ் எடுக்க எவ்வளவு ஆச்சு என்று கேட்டார், காசு வாங்கவில்லை.

உங்கள் தக்கலை அக்கா விஷயமும் இதுவேதான் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் நீங்கள் ரெண்டு கிலோ என்று எழுதிய அதே காரியத்தை நான் செய்ததாகிவிடும். ஆனால் ஒரே ஆளிடமிருந்து திரும்பத் திரும்பக் காலியாக வந்தால் கிளிப்போர்டைப் பார்க்கச் சொல்வேன்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. அந்தக் காலி மெசேஜை அழுத்திப் பிடித்து Copy செய்யுங்கள். உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளும் சாட்டில் "அ" என்று தட்டி, அதை ஒட்டி, உடனே "ஆ" என்று தட்டுங்கள். "அ"வுக்கும் "ஆ"வுக்கும் நடுவில் இடம் விட்டிருந்தால், அகலம் உள்ள ஒரு காலி எழுத்து அங்கே இருக்கிறது. இடமே இல்லாவிட்டால், கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே இடத்தில் அம்புக்குறிச் சாவியை ஒவ்வொரு தட்டாகத் தட்டிப் பாருங்கள். கர்சர் ஒரு தட்டுக்கு நகராமல் நின்று அடுத்த தட்டுக்கு நகர்ந்தால், அகலமே இல்லாத எழுத்து உள்ளே இருக்கிறது. அழுத்திப் பிடித்தும் Copy என்ற வாய்ப்பே வரவில்லையென்றால் வந்தது எழுத்தே இல்லை. ஸ்டிக்கராகவோ படமாகவோ இருக்கலாம்.

படம் என்றதும் ஒன்றைச் சொல்லவேண்டும். வயதானவர்கள் பலர் ஆர்டரைத் தாளில் எழுதி அதைப் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். உங்கள் போனில் இடம் நிரம்பியிருந்தாலோ, படம் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருந்தாலோ, மங்கலான ஒரு கட்டம்தான் தெரியும். காலை வெயிலில் பார்த்தால் அதுவும் காலி மாதிரியே இருக்கும். நடுவில் கீழ்நோக்கிய அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மாதிரி நேரத்தில் குறை உங்கள் போனில். அக்கா போனில் தாள் பளிச்சென்று தெரியும்.

"Waiting for this message. This may take a while." என்று வந்தால் அது வேறு கதை. மெசேஜ் பூட்டோடு வந்து சேர்ந்திருக்கிறது, சாவி இன்னும் வரவில்லை. அனுப்பியவர் போனை மாற்றியிருந்தாலோ ஆப்பை மறுபடி ஏற்றியிருந்தாலோ இப்படி ஆகும். அவர் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் பெரும்பாலும் தானாக நிரம்பிவிடும், அழித்துவிடாதீர்கள். அவர் அனுப்பிவிட்டு அழித்திருந்தால் "This message was deleted" என்று எழுத்திலேயே சொல்லும், கட்டம் காலியாக இருக்காது.

இதில் எது உண்மை என்று உங்கள் பக்கத்தில் இருந்துகொண்டு முழுசாகக் கண்டுபிடிக்க முடியாது. அவர் போனிலும் காலியாக இருக்கிறதா, உங்கள் போனில் மட்டுமா என்பதே அவர் சொன்னால்தான் தெரியும். அதனால் பதில் எழுதும்போது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதவேண்டும். தெரிந்தது மூன்றுதான்: ஒரு மெசேஜ் வந்தது, இன்ன நேரத்துக்கு வந்தது, என் போனில் எழுத்து ஒன்றும் தெரியவில்லை. நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"அக்கா, வணக்கம். காலை 6.40-க்கு உங்க நம்பரிலிருந்து ஒரு மெசேஜ் வந்திருக்கு. என் போன்ல அது காலியா தெரியுது, எழுத்து ஒண்ணும் இல்லை. என்ன அனுப்புனீங்கன்னு இன்னொரு தடவை அனுப்புங்க. வாய்ஸ்ல சொன்னாலும் சரி. அது வர்ற வரைக்கும் நான் ஒண்ணும் போடல."

"காலியா அனுப்பியிருக்கீங்க" என்று எழுதவில்லை, "என் போன்ல காலியா தெரியுது" என்று எழுதியிருக்கிறேன். முதலாவது அவர் தப்பு செய்தார் என்று சொல்லிவிடுகிறது. குறை உங்கள் போனிலேயே இருந்தால் அப்புறம் அசடு வழியவேண்டும். "வாய்ஸ்ல சொன்னாலும் சரி" என்று போட்டதற்குக் காரணம், தட்டச்சிலோ ஒட்டுவதிலோ கோளாறு இருந்தால் அதே வழியில் மறுபடி அனுப்பச் சொல்லிப் பிரயோசனமில்லை. அவர் திரும்ப ஒட்டுவார், திரும்பக் காலியாக வரும். கடைசி வரிதான் வியாபாரத்துக்கு முக்கியம். பயறு வறுத்துப் பொடித்து, கருப்பட்டிப் பாகில் உருட்டிவிட்டால் அது ரெண்டு கிலோவோ ஐந்து கிலோவோ, திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் ஒன்றும் ஆரம்பிக்கவில்லை என்று தெரிந்தால் அவரும் நிதானமாகச் சொல்வார், சும்மா இருந்துவிடவும் மாட்டார்.

இதை எழுதும்போது அந்தக் காலி மெசேஜை வலப்பக்கம் இழுத்துவிட்டு, அதற்குப் பதிலாக எழுதுங்கள். அவர் அந்த மேற்கோளைத் தொட்டால் அவர் போனில் அதே மெசேஜ் இருக்கும் இடத்துக்கு நேராகப் போய் நிற்கும். அங்கே எழுத்து இருக்கிறதா இல்லையா என்பதை அவரே பார்த்துக்கொள்வார். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

எழுதக்கூடாதவை என்று சிலதைச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் நல்ல எண்ணத்தில் எழுதுபவைதான். "கை பட்டு வந்துட்டா அக்கா?" என்று கேட்டால் அவருக்கு நீங்களே ஒரு பதிலைக் கையில் கொடுத்துவிடுகிறீர்கள். நம்மூர்ப் பெண்கள் சங்கடத்தைத் தவிர்க்க "ஆமா மக்கா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், ஆர்டர் அந்தரத்தில் நிற்கும். "ஏதாவது பிரச்சினையா அக்கா?" என்றால் விசேஷ வீட்டில் என்ன ஆச்சோ என்று நீங்கள் பயந்ததாகத் தெரியும், அவரும் பயப்படுவார். உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஒற்றைக் கேள்விக்குறி கெட்டதில்லை, அதில் ஊகம் எதுவும் இல்லை. ஆனால் அது என்ன கேட்கிறது என்று படிப்பவர்தான் ஊகிக்கவேண்டும். "நான் அனுப்புனது புரியலையா? இதுல என்ன புரியாம இருக்கு?" என்று அவருக்குத் தோன்றலாம். தன் மெசேஜ் காலி என்று தெரியாதவருக்குக் கேள்விக்குறி மிரட்டலாகவே தெரியும்.

ஆமாம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்வி எதையும் கேட்காதீர்கள் என்பதுதான் நான் கையாளும் ஒரே கணக்கு. எத்தனை கிலோ, எந்தக் கிழமை என்று அவர் வாயிலிருந்து எண்ணும் நாளும் வரவேண்டும். வந்தபிறகு நீங்கள் "ஐந்து கிலோ, சனிக்கிழமை காலை" என்று திருப்பி எழுதுங்கள். அதற்கு வரும் "ம்"மை நம்பலாம்.

பதிலே வரவில்லையென்றால்? சாயங்காலம் வரை பார்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். போனிலும் "ஆர்டர் விஷயமா அனுப்புனீங்களா" என்று ஆரம்பிக்காமல் "காலைல ஒரு மெசேஜ் வந்துது அக்கா, எனக்குத் தெரியல" என்று நிறுத்திவிட்டு, அவர் பேசும்வரை சும்மா இருங்கள். தனியாக இருக்கும் வயதானவர்களிடமிருந்து வந்தால் மட்டும் சாயங்காலம் வரை காத்திருக்கவேண்டாம். எழுதிக்கொண்டிருக்காமல் உடனே கூப்பிட்டுவிடுங்கள்.

தெரியாத நம்பரிலிருந்து காலியாக வருவதும் உண்டு. வியாபார நம்பர் என்பதால் புது வாடிக்கையாளராகவும் இருக்கலாம், நம்பர் உயிரோடு இருக்கிறதா என்று தூண்டில் போட்டுப் பார்ப்பவராகவும் இருக்கலாம். "அக்கா", "அண்ணே" எதுவும் இல்லாமல் "உங்கள் மெசேஜ் எனக்குக் காலியாகத் தெரிகிறது, என்ன வேண்டும் என்று எழுதுங்கள்" என்பதோடு நிறுத்துங்கள். விலைப்பட்டியலும் பணம் கட்டும் கியூஆர் கோடும் அப்போதே அனுப்பவேண்டாம். அவர் மறுபடி காலியாகவே அனுப்பினால் விட்டுவிடுங்கள். காலி மெசேஜைத் திறந்தாலே போனில் உள்ளதெல்லாம் திருடு போய்விடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. வெறும் எழுத்து அப்படிச் செய்யாது. 2018-ல் கறுப்புப் புள்ளி ஒன்றைப் போட்டு, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத குறிகளை ஆயிரக்கணக்கில் அடைத்து ஒரு மெசேஜ் சுற்றியது. தொட்டால் ஆப் அப்படியே உறைந்து நின்றுவிடும், அவ்வளவுதான். அந்த மாதிரி ஏதாவது வந்து சாட்டைத் திறக்கவே முடியாவிட்டால், உள்ளே போகாமல் வெளிப் பட்டியலில் வைத்தே அந்தச் சாட்டை அழித்துவிடலாம்.

சரி, போன வாரம் வந்த மெசேஜுக்கு இன்றைக்கே எழுதுங்கள். தாமதத்துக்குக் காரணம் தேட வேண்டாம், "போன ஞாயிற்றுக்கிழமை வந்தது, இன்றுதான் கேட்கிறேன்" என்று தேதியோடு சொன்னால் போதும். விசேஷத்துக்கென்று ஏதாவது கேட்டிருந்து அந்த நாள் தாண்டியிருந்தால், அதையும் அவரே சொல்லட்டும். அடுத்து சரக்குக் கொடுக்கத் தக்கலைக்குப் போகும்போது ரெண்டு நிமிஷம் உட்கார்ந்து, அக்காவின் கீபோர்டில் கிளிப்போர்டைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். வெள்ளைக் கட்டம் ஏதாவது பின் குத்தி இருந்தால், அழிக்கும் முன்னால் வீட்டுப் பையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் மறுநாளே திரும்பக் குத்திவிடுவான்.